சம எடை போட்டு நான் கெடுத்த 120 தீபாவளிப் பெட்டிகள்

போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளியில் எனக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது. கோவையில் வீட்டிலிருந்தே முறுக்கு, லட்டு செய்து விற்றுக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் மூலமாக ஒரு சின்ன கம்பெனியிலிருந்து பேசினார்கள். ஊழியர்களுக்குக் கொடுக்க 120 ட்ரை ஃப்ரூட்ஸ் பெட்டி வேண்டும். நாலு அறை, பாதாம், முந்திரி, வால்நட், உலர் திராட்சை, மொத்தம் 200 கிராம், பெட்டி 320 ரூபாய். அடுப்பே பற்ற வைக்க வேண்டாம், வாங்கி நிரப்பினால் முடிந்தது என்று நினைத்து அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். அதில் நான் பட்ட பாட்டை யாராவது முன்பே சொல்லியிருந்தால் மூன்று நாள் சாப்பாடு தூக்கம் இல்லாமல் அழுதிருக்க மாட்டேன். இந்த வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் போட்ட கணக்கு இதுதான். நாலு அறை, 200 கிராம், ஆக அறைக்கு 50 கிராம். 120 பெட்டிக்கு ஒவ்வொன்றிலும் 6 கிலோ. ரங்கே கவுடர் வீதிக்குப் போய் மொத்த விலையில் வாங்கினேன். பாதாம் கிலோ 820, 320 நம்பர் ரக முந்திரி 900, வால்நட் 1,100, திராட்சை 340. எல்லாம் சேர்த்து 18,960 ரூபாய். பெட்டி ஒன்று 75 வீதம் 9,000. ரிப்பன், பட்டர் பேப்பர், ஸ்டிக்கர் 1,800. மொத்தச் செலவு 29,760, வரவு 38,400. 8,640 ரூபாய் நிற்கும் என்று நோட்டில் எழுதி வைத்தேன். ஸ்டிக்கரில் ‘நிகர எடை 200 கிராம்’ என்று அச்சடித்தும் வாங்கிவிட்டேன். பெட்டியை மட்டும் நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. போட்டோ பார்த்து ஆர்டர் போட்டது, நிரப்ப வேண்டிய நாள் காலையில்தான் வந்து சேர்ந்தது.

பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டு மாலை நாலு மணிக்கு உட்கார்ந்தோம். சமையலறைத் தராசில் 50 கிராம் வால்நட் போட்டு முதல் அறையில் கொட்டினேன். அறைக்கு மேலே குவிந்து நின்றது, மூடி உட்காரவே இல்லை. அடுத்த அறையில் 50 கிராம் திராட்சை போட்டால் முக்கால் அறைதான் வந்தது. பாதாமும் முந்திரியும் சற்றுத் தாழ்வாகவே நின்றன. அக்கா பார்த்துவிட்டு, “கண்ணு, தீபாவளிக்குக் குடுக்கறதுங்க இது, கொறையா இருக்கற மாதிரியல்ல தெரியுது?” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வால்நட்டில் மூடி உட்காரும் அளவுக்கு எடுத்துவிட்டு, மற்ற மூன்று அறைகளையும் விளிம்பு வரை நிரப்பினோம். பார்க்க அழகாக இருந்தது. தராசை ஓரமாக வைத்துவிட்டுக் கரண்டியால் அள்ளிப் போட ஆரம்பித்தோம். வேலையும் வேகமாகப் போனது.

90 பெட்டியைத் தாண்டியதும் திராட்சை தீர்ந்தது. பாதாம் அரை கிலோ கூட இல்லை. முந்திரி ஒரு கிலோவுக்கும் குறைவு. வால்நட் மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல் மூட்டையாக நிற்கிறது. மணி பதினொன்று, கடை எதுவும் திறந்திருக்காது, காலை ஒன்பது மணிக்கு வண்டி வரும். இன்னும் முப்பது பெட்டி காலியாகக் கிடக்கிறது. என் கை நடுங்கிவிட்டது. வேறு வழி தெரியாமல், கட்டி முடித்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையால் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து மற்றதை நிரப்பினோம். ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டி முடிக்கும்போது மணி இரண்டரை. எதையும் எடை போட நேரமில்லை.

மூன்றாம் நாள் அந்தக் கம்பெனியிலிருந்து போன். பத்துப் பெட்டியைப் பிரித்து உள்ளே இருப்பதை மட்டும் நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றில் 176 கிராம், இன்னொன்றில் 219. அது போதாதென்று, அறைகள் நிரம்பாமல் இருந்ததால் வண்டி குலுக்கலில் திராட்சை எகிறி வால்நட்டுக்குள்ளும், பாதாம் முந்திரிக்குள்ளும் போய்க் கலந்திருந்தது. “200 கிராம்னு நீங்களே அச்சடிச்சிருக்கீங்களே மேடம்” என்று அந்த மேனேஜர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. பில்லில் பத்து சதவீதம், 3,840 ரூபாய் கழித்துக்கொண்டார்கள். அது நியாயம்தான். அக்காவுக்கு ஆயிரம், வண்டிக்கு அறுநூறு போக, என் கையில் நின்றது 3,200. அந்த அவமானம் பணத்தை விடப் பெரிதாக இருந்தது. ஏமாற்றுக்காரி என்று அவர்கள் நினைத்திருப்பார்களோ என்ற எண்ணம் பல நாள் போகவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான், என்ன தவறு நடந்தது என்று உட்கார்ந்து பார்த்தேன். மிச்சமிருந்த ஒரு காலிப் பெட்டியை எடுத்து, ஒரு அறையில் தண்ணீர் ஊற்றி அளந்தேன். 100 மில்லி பிடித்தது. அதே அறையில் ஒவ்வொரு பொருளையும் விளிம்பு மட்டத்துக்கு நிரப்பி எடை போட்டேன். பாதாம் 60 கிராம், முந்திரி 55, திராட்சை 65. வால்நட் வெறும் 42. வால்நட் பாதிகள் கோணல்மாணலாக இருப்பதால் நடுவில் காற்றுதான் அதிகம் நிற்கிறது. திராட்சை ஒன்றோடொன்று அழுந்தி இடைவெளி இல்லாமல் படிந்துவிடும். ஒரே அளவு இடத்தில் திராட்சை போனதில் மூன்றில் இரண்டு பங்கு எடைதான் வால்நட் போகும். இது தெரியாமல் அறைக்கு 50 என்று நான் பிரித்ததுதான் எல்லாவற்றுக்கும் வேர். விளிம்பு வரை நிரப்பினால் 60, 55, 42, 65 சேர்ந்து 222 கிராம். பெட்டிக்கு 22 கிராம் இலவசமாகப் போய்க்கொண்டிருந்தது. 65 கிராம் வீதம் போட்டால் 6 கிலோ திராட்சை 92 பெட்டிக்குத்தான் வரும், அதுதான் அந்த ராத்திரியில் நடந்தது. அதே நேரம் வால்நட் எப்படித் திணித்தாலும் பெட்டிக்கு 42-க்கு மேல் போகாது. ஆக மற்ற மூன்றையும் 50, 50 என்று துல்லியமாகப் பிரித்திருந்தாலும் பெட்டியில் 192 கிராம்தான் இருந்திருக்கும். ஸ்டிக்கர் அச்சடித்த அன்றே நான் தோற்றுவிட்டேன். பெட்டிக்கு 8 கிராம் வீதம் ஒரு கிலோ வால்நட் என் வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஆகவே விலை பேசுவதற்கு முன்னாலேயே பெட்டி உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒரே ஒரு மாதிரிப் பெட்டி போதும். நீங்கள் போட நினைக்கும் ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு அறையிலும் நிரப்பி எடை எழுதிக்கொள்ளுங்கள். கால் கிலோ கால் கிலோ வாங்கி வந்து பார்த்தாலே போதும், அரை மணி நேர வேலை. எந்த எடை அதிகபட்சமாகப் போகும் என்று தெரிந்த பிறகு, அதற்குச் சற்றுக் கீழே உங்கள் அளவை வைத்துக்கொள்ளுங்கள். மூடிக்குக் கீழே அரை விரல் இடம் இருந்தால் அங்கே பட்டர் பேப்பரை மடித்து வைத்து மூட வேண்டும். அப்போதுதான் ஒரு அறைச் சரக்கு இன்னொன்றுக்குப் போகாது. எடை சொல்லும்போது பெட்டியின் எடையைச் சேர்க்கக் கூடாது. என் காலிப் பெட்டியே நூறு கிராமுக்கு மேல். சிலர் அதையும் சேர்த்து ‘300 கிராம் பெட்டி’ என்று விற்பதைப் பார்த்திருக்கிறேன். நிகர எடை என்று போட்டால் உள்ளே தின்பதன் எடை மட்டும்தான், சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது.

அடுத்த வருஷம் வேறொருவர் 80 பெட்டி, 250 கிராம் கேட்டார். இந்த முறை பெட்டி முதலில் வந்தது. அறை கொஞ்சம் பெரியது, 125 மில்லி. நிரப்பிப் பார்த்தேன். பாதாம் 75, முந்திரி 69, வால்நட் 52, திராட்சை 81 பிடித்தது. அதிலிருந்து கீழே இறக்கி வால்நட் 50, பாதாம் 70, முந்திரி 60, திராட்சை 70 என்று வைத்தேன். கூட்டினால் சரியாக 250. நாலு அறையும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மட்டமாகத் தெரிந்தன. 80-ஆல் பெருக்கினால் வால்நட் 4 கிலோ, பாதாம் 5.6, முந்திரி 4.8, திராட்சை 5.6. அப்படியே வாங்கக் கூடாது. மூட்டை அடியில் பொடியும் நொறுங்கலும் இருக்கும், திராட்சையில் காம்பு இருக்கும், முந்திரியில் கறுத்தது ஒன்றிரண்டு இருக்கும். என் அனுபவத்தில் கிலோவுக்கு 20 முதல் 30 கிராம் கழிகிறது. அதனால் நூற்றுக்கு மூன்று சேர்த்து, அதற்கு மேல் கடையில் நிறுக்க வசதியாக ஏற்றி, வால்நட் 4.25, பாதாம் 6, முந்திரி 5, திராட்சை 6 கிலோ வாங்கினேன். விலையும் இப்படித்தான் போட வேண்டும். ஒவ்வொன்றின் கிராமையும் அதனதன் கிலோ விலையால் தனியாகப் பெருக்கிக் கூட்டுங்கள். நாலு விலையைக் கூட்டி நாலால் வகுத்துச் சராசரி எடுத்தால், திராட்சை மலிவு வால்நட் விலையை மறைத்துவிடும். விலை எவ்வளவு மாறினாலும் இந்தக் கிராம் பட்டியல் மாறாது. ஆர்டர் 80-இலிருந்து 130 ஆனாலும் பெருக்குகிற எண் மட்டும்தான் மாறும்.

நிரப்பும்போது ஒவ்வொரு அறையையும் தராசில் வைத்தால் விடிந்துவிடும். நான் செய்வது, முதல் பத்துப் பெட்டியை நிறுத்து நிரப்புவேன், அதிலேயே எண்ணிக்கை பிடிபட்டுவிடும். பாதாம் ஒன்று ஏறத்தாழ 1.2 கிராம், 70 கிராமுக்கு 58 பருப்பு வரும். முந்திரியில் நம்பரே கணக்கைச் சொல்லிவிடும். 320 நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அதிகபட்சம் 320 முழுப் பருப்பு. ஒன்று ஏறத்தாழ 1.4 கிராம், 60 கிராமுக்கு 42 வரும். 240 நம்பர் என்றால் ஒன்று 1.9 கிராம், அதே 60 கிராமுக்கு 32 தான். பெரிய முந்திரி கேட்டு வாங்குகிறவர்கள் எண்ணிக்கை குறைவாகத் தெரிகிறதே என்று சொல்லக்கூடும், முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு சின்ன டப்பாவில் 60 கிராம் எந்த மட்டம் வருகிறதோ அங்கே கோடு போட்டு, அதைப் படியாக வைத்து அளப்பேன். ஒவ்வொரு பொருளுக்கும் தனி டப்பா, தனிக் கோடு. கடைசியில் மூடுமுன் முழுப் பெட்டியையும் ஒருமுறை தராசில் வைத்து, காலிப் பெட்டியின் எடையைக் கழித்துப் பார்ப்பேன். குறைந்தால் நாலு திராட்சை போட்டுச் சரி செய்யலாம். தராசு வைக்கும் இடத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்றில் இரண்டு மூன்று கிராம் ஏறி இறங்குகிறது. வீட்டுத் தராசை நம்பி இறங்காமல், முத்திரை போட்ட கடைத் தராசில் ஒரு பொட்டலத்தை நிறுத்து வந்து ஒப்பிட்டுக்கொள்வதும் நல்லது.

அத்திப்பழமோ பெரிய பேரீச்சையோ சேர்க்கச் சொன்னால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். கயிற்றில் கோத்து வரும் தட்டை அத்தி ஒன்றே 15, 20 கிராம் இருக்கும். 50 கிராம் என்று பேசினால் இரண்டரைப் பழம் ஆகிறது, பாதியாக வெட்டி வைக்க முடியாது. அதனால் பெரியதை எண்ணிக்கையில் பேசுங்கள், “அத்தி மூன்று” என்று. அதன் எடை கூடினாலும் குறைந்தாலும், வித்தியாசத்தைத் திராட்சையில் ஈடுகட்டலாம். ஓட்டோடு இருக்கும் பிஸ்தா போடும்போது வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 50 கிராமில் ஏறக்குறைய பாதி ஓடு, வாய்க்குப் போவது 25 கிராம் சொச்சம்தான். பெட்டி நிறைவாகத் தெரிய அது உதவும், ஆனால் சாப்பிடும் பங்குக் கணக்கில் அதைப் பாதியாகத்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு இழப்பையும் சொல்ல வேண்டும். வீட்டில் தங்கிய அந்த ஒரு கிலோ வால்நட்டை டப்பாவில் போட்டு அலமாரியிலேயே வைத்திருந்தேன். பிப்ரவரியில் வெள்ளியங்கிரி மலை ஏறப் போகிற ஒரு குழு, வழியில் கொறிக்க 50 பொட்டலம் கேட்டார்கள். அதற்கு எடுத்துத் திறந்தால் பழைய எண்ணெய் மாதிரி காறல் வாடை. வாயில் போட்டால் கடைசியில் நாக்கில் கசப்பு நின்றது. வால்நட்டில் எண்ணெய் அதிகம், சூட்டில் சீக்கிரம் கெடும். பிரித்த பிறகு காற்றுப் புகாமல் மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்ச் சரக்கைக் குப்பையில் கொட்டும்போது மனசு வலித்தது.

மலைக்குப் போகிற பொட்டலத்துக்கு ஒரு ஆளுக்கு ஒரு வேளை 30 கிராம் என்று வைத்தேன். உள்ளங்கையில் ஒரு பிடி. பாதாம் 9 கிராம், முந்திரி 6, புதிதாக வாங்கிய வால்நட் 4, பூசணி விதை 3, திராட்சை 8. ஐம்பதுக்குப் பெருக்கினால் பாதாம் 450, முந்திரி 300, வால்நட் 200, விதை 150, திராட்சை 400, மொத்தம் ஒன்றரைக் கிலோ. இங்கேயும் ஒரு தவறு செய்தேன். எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் கலந்து, 30 கிராம் 30 கிராமாக அள்ளிக் கட்டினேன். எடை எல்லாப் பொட்டலத்திலும் சரியாக இருந்தது. ஆனால் அள்ள அள்ள விதையும் திராட்சையும் சரிந்து அடிக்குப் போய்விட்டன. முதலில் கட்டியவற்றில் பாதாமும் வால்நட்டும்தான், கடைசியில் கட்டியவற்றில் பாதிக்கு மேல் விதையும் திராட்சையும். நல்லவேளையாகக் கடைசிப் பொட்டலத்தைக் கையில் கொட்டிப் பார்த்ததால் தெரிந்தது. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டினேன். இப்போது பெரிய பருப்பு மூன்றையும் ஒரு பாத்திரத்தில், சின்னதை இன்னொரு பாத்திரத்தில் வைத்து, முதலில் 19 கிராம், அப்புறம் 11 கிராம் என்று இரண்டு தடவையாகப் போடுகிறேன்.

அதோடு, கலந்ததைப் பல நாள் வைக்கவும் கூடாது. உலர் திராட்சை என்றாலும் அதில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் இருக்கும். வறுத்த பருப்பில் ஈரம் மிகக் குறைவு. இரண்டையும் ஒரே பையில் மூடி வைத்தால் திராட்சை ஈரம் பருப்புக்குப் போய், முந்திரி கடிக்கும்போது சவசவ என்று ஆகிவிடும், திராட்சை இறுகிப்போகும். நான் ஒரு பொட்டலத்தை வீட்டில் வைத்துத் தினமும் எடுத்துப் பார்த்தேன். நாலாம் நாள் முந்திரியின் மொறுமொறுப்பு போய்விட்டது. அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கலக்கிறேன். அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமென்றால் திராட்சையைத் தனியாக ஒரு சின்ன உறையில் மடித்து உள்ளே வைத்துவிடுவேன். அடிவாரத்தில் பிளாஸ்டிக் பையைச் சோதித்து எடுத்துவிடுவார்கள் என்பதால் அந்தக் குழுவுக்குப் பட்டர் பேப்பரில் மடித்து, மேலே துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன்.

இந்த வருஷம் அந்த முதல் கம்பெனிக்கு நானே போன் செய்தேன். கூப்பிடும் முன் அரை நாள் தயங்கினேன். மாதிரிப் பெட்டி ஒன்றும், எந்த அறையில் எத்தனை கிராம் என்று எழுதிய தாளும் கொண்டுபோனேன். அந்த மேனேஜர் பெட்டியைத் திறந்து, அவர்கள் தபால் அறைத் தராசிலேயே உள்ளே இருப்பதைக் கொட்டி நிறுத்துப் பார்த்தார். 252 கிராம் காட்டியது. எத்தனை நாளைக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று கேட்டார். பெட்டி என் கைக்கு வந்து பத்து நாள் வேண்டும் சார் என்றேன்.